இரண்டு, நான்கு, எட்டு, ஆறு

கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் கணக்கு எடுத்துப் படித்த பெண்களில் யாரைப் பிடித்துக் கேட்டாலும், ராமாமணி அம்மாளைப் பற்றி முதலில் சொல்வது கரும்பலகையின் வலது மூலையைத்தான். அல்ஜீப்ரா வகுப்பின் முதல் நாளன்று அந்த மூலையில் 2, 4, 8, 6 என்று எழுதி, சுற்றிலும் ஒரு கட்டம் போட்டுவிடுவார். பாடம் நடக்கும், பலகை பத்துத் தடவை அழிபடும், அந்த நாலு எண்கள் மட்டும் அசையாமல் அங்கேயே இருக்கும். தெரியாத்தனமாகத் துடைக்கப் போகிற பெண்ணிடம், "அதெ உட்டுரு கண்ணு, அது என்ற சொத்து" என்பாராம்.

தன் சொத்து என்று சும்மா சொல்லவில்லை. அதற்காக அந்த அம்மாள் பட்ட பாட்டைக் கேட்டால் நமக்கே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் பருத்திக்காட்டுக்காரர் கண்ணையா நாயுடுவின் மகள் அவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், தலைக்குள் எப்போதும் எண்கள். பருத்தி எடுக்கப் போனால் வரிசையில் எத்தனை செடி என்று எண்ணி, அந்த எண் எதனால் வகுபடும் என்று யோசித்துக்கொண்டே நடப்பார். மடியில் பருத்தி கொஞ்சமாகத்தான் சேரும். "இவளைக் காட்டுக்கு அனுப்புனா செடிக்குக் கணக்கு வரும், ஊட்டுக்குப் பருத்தி வராது" என்று கண்ணையா நாயுடு சிரிப்பார். சிரித்தாரே தவிர, படிப்பை நிறுத்தவில்லை. ஊர் முழுக்க ஒரு மாதிரியாகப் பார்த்தபோதும் மகளை மெட்ராஸுக்கு அனுப்பி எம்.ஏ. கணிதம் படிக்கவைத்தார். அந்தக் காலத்தில் அது லேசுப்பட்ட காரியமில்லை.

மெட்ராஸில்தான் அந்தத் தேற்றத்தின் மேல் அவருக்கு ஆசை பிடித்தது. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து என்று வையுங்கள். பத்தால் வகுத்து மீதியை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டால், எந்தப் பெருக்கலிலும் கடைசி இலக்கம் மட்டும்தான் நமக்குக் கணக்கு. பத்தோடு பொதுக் காரணி எதுவும் இல்லாத மீதிகள் 1, 3, 7, 9. இவற்றை யூனிட் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி உண்டு, ஜோடியோடு பெருக்கினால் 1 வந்துவிடும். மூன்றுக்கு ஏழு ஜோடி. ஒன்பதுக்கு ஒன்பதே ஜோடி. யூனிட்டுகள் மொத்தம் எத்தனை என்பதுதான் ஃபை; பத்துக்கு ஃபை நாலு. இப்போது எந்த யூனிட்டை எடுத்து நாலு தடவை பெருக்கினாலும் 1 வந்து நிற்கும். மூன்றை நாலு தடவை பெருக்கினால் 81, கடைசி இலக்கம் 1. ஏழை நாலு தடவை பெருக்கினால் 2401. எந்த எண்ணுக்கும், அதன் எந்த யூனிட்டுக்கும் இப்படித்தான். ஹாஸ்டல் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இதைச் சரிபார்த்துச் சரிபார்த்துச் சிரிப்பாராம் ராமாமணி. பார்த்தவர்கள் காதல் விவகாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஊர் திரும்பிக் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த பிறகுதான் அந்த மகிழ்ச்சிக்கு வறட்சி வந்தது. அங்கே கணிதத்தில் பட்டப்படிப்பே கிடையாது. முதலில் இன்டர்மீடியட், பிறகு அது போய் பி.யூ.சி. வந்தது. வருஷா வருஷம் அதே லாகரிதம் அட்டவணை, அதே முக்கோணம், அதே சைன் காஸ். பெண் பார்க்க வந்தவர்கள் வந்து வந்து ஓய்ந்தார்கள். விசைத்தறி போட்டு நாலு காசு பார்க்கத் தொடங்கியிருந்த அண்ணன் அழகிரிசாமி, "பேசாம ஊட்டோட இருந்து தறிக்கூடத்தைப் பாத்துக்க, ராமா" என்று பொங்கலுக்குப் பொங்கல் சொல்வார். ராமாமணிக்கு அதெல்லாம் வருத்தமில்லை. படித்ததை ஒரு தடவையாவது பட்ட வகுப்பில் நின்று சொல்ல முடியாமல் தலை நரைத்துவிடுமோ என்பதுதான் வருத்தம். அந்த வருத்தம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அறுபத்து நாலாம் வருஷம் கதவு கொஞ்சம் திறந்தது. வருகிற ஜூனில் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணிதம் தொடங்குகிறது. குரூப் என்றெல்லாம் வரும் புதுவகை அல்ஜீப்ராதான் அதில் முக்கியப் பாடம். பழைய ஆட்கள் யாரும் படிக்காத பாடம். அதைச் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்கு மே மாதம் கோயமுத்தூரிலேயே ஒரு கோடை முகாம் வைத்தார்கள். பிரின்ஸிபால் ரங்கநாயகி அம்மாள் ராமாமணியைக் கூப்பிட்டு, முகாமில் நல்ல பேர் வாங்கினால் அல்ஜீப்ரா வகுப்பு உங்களுக்கு, இல்லாவிட்டால் மெட்ராஸிலிருந்து ரிட்டயரான ஒருவரைச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார். சரித்திரம் படித்த அம்மாள். பேச்சில் வளைவு நெளிவு கிடையாது.

அந்த முகாமை நினைத்தால் ராமாமணிக்குக் கடைசிவரை முகம் மலர்ந்துவிடும். ஆண்கள் கல்லூரி ஒன்றில், மின்விசிறி பாதி நேரம் சுற்றாத ஒரு ஹாலில், கோயமுத்தூர், சேலம், திருச்சி என்று பல பக்கத்து வாத்தியார்கள் மாணவர் பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வருஷக்கணக்காகப் பிள்ளைகளை விரட்டியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்த மூன்றாம் நாளே பிள்ளைகளாகிவிட்டார்கள். ஒருவர் நோட்டை ஒருவர் எட்டிப் பார்ப்பது, பின்பெஞ்சில் தூங்குவது, மணி அடிக்கும் முன்பே மெஸ்ஸுக்கு நழுவுவது, எதுவும் பாக்கியில்லை. முகாமை நடத்தியவர் மெட்ராஸிலிருந்து வந்த பேராசிரியர் சீனிவாசலு. கஞ்சி போட்ட சட்டை, கஞ்சி போட்ட குரல். யாராவது கொட்டாவி விட்டால் பாடத்தை நிறுத்தி, கொட்டாவி முடியும்வரை காத்திருப்பார்.

ராமாமணிக்குப் பக்கத்து வரிசையில் கோட்டைமேட்டு நசுருதீன். உள்ளூர்க் கல்லூரியில் விரிவுரையாளர், குடும்பம் இரும்புக்கடைக் குடும்பம், மனுஷர் தங்கம். ராமாமணியைவிடப் பத்து வயது பெரியவர். புரியாத இடத்தில் "புரியலீங்க" என்று ஹாலே கேட்கும்படி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் புரிந்த மாதிரித் தலையாட்டிவிட்டு, சாயங்காலம் அவரிடம் வந்து கேட்டுக்கொள்வார்கள்.

முகாமின் கடைசி வாரத்தில் ஒரு வழக்கம். சாக்பீஸ் பெட்டிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். எடுத்த சீட்டில் என்ன தேற்றம் இருக்கிறதோ அதை அவரவர் பலகையில் நிறுவிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்துத்தான் சீனிவாசலு ஒவ்வொருவரைப் பற்றியும் அவரவர் கல்லூரிக்குச் சொல்வார். ராமாமணிக்கு வந்தது அவருடைய பழைய காதல்: யூனிட்டை ஃபை தடவை பெருக்கினால் ஒன்று.

சந்தோஷத்தில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இதற்கு நிரூபணம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாரே. 1, 3, 7, 9 நாலையும் மூன்றால் பெருக்கு. 3, 9, 1, 7 என்று அதே நாலு எண்கள் இடம் மாறி வருகின்றன. ஆக, பெருக்குவதற்கு முன்பும் பின்பும் நாலின் மொத்தப் பெருக்கம் ஒன்றுதான். ஆனால் பின்னதில் நாலு மூன்றுகள் கூடுதலாக இருக்கின்றன. அப்படியானால் அந்த நாலு மூன்றுகள் சேர்ந்து 1 ஆகத்தான் இருக்க வேண்டும். முடிந்தது கதை.

நசுருதீன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, அடியில இன்னொரு வரி இருக்குதுங்களே. குரூப்போட ஆர்டரை வெச்சு நிரூபிக்கணுமாமா. எல்லாத்தையும் பெருக்கற பழைய வழி ஆவாதுங்க."

ராமாமணி சீட்டைத் திரும்ப வாங்கி அந்த வரியை இரண்டு தடவை படித்தார். குரூப் என்பது என்னவென்று அந்த முகாமில்தான் அவரும் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு கூட்டம்; அதற்குள் எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை கூட்டத்தை விட்டு வெளியே போகாது; யாரோடு பெருக்கினாலும் அவரை மாற்றாத 'ஒன்று' என்று ஓர் ஆள் அதில் உண்டு; ஒவ்வொருவருக்கும் பெருக்கினால் அந்த ஒன்றைத் தரும் ஜோடி உண்டு. யூனிட்டுகள் அப்படி ஒரு குரூப். ஒரு குரூப்பில் எத்தனை பேர் என்பது அதன் ஆர்டர். இவ்வளவும் தெரியும். ஆனால் அந்த ஆர்டர் எப்படி ஒவ்வோர் எண்ணின் கழுத்தையும் பிடித்து ஒன்றில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பது வரிவரியாகப் புரிந்தும் மனசில் ஒட்டவில்லை.

ஒட்டவைத்தது மெஸ். காலையில் சமையல்காரர் பெரிய இட்லிப் பானையைத் திறந்து தட்டுத் தட்டாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எல்லாத் தட்டிலும் ஒரே எண்ணிக்கைக் குழி. ஒரு தட்டின் இட்லி இன்னொரு தட்டில் கிடையாது. மொத்த இட்லி எத்தனையானாலும் ஒரு தட்டின் எண்ணிக்கையால் மீதியில்லாமல் வகுபடும். ராமாமணி சட்னியை வாங்க மறந்து நின்றுவிட்டார். பின்னால் நின்ற சேலத்துக்காரர், "அம்மா, நகருங்க" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

அன்று மத்தியானம் பலகைமுன் நின்றார். இருபதை எழுதி, அதன் யூனிட்டுகளான 1, 3, 7, 9, 11, 13, 17, 19 என்று எட்டையும் எழுதினார். பொதுவான நிரூபணத்தை இந்தப் பக்கமும் இருபதை அந்தப் பக்கமுமாக வைத்துக்கொண்டு போனார்.

ஒரு யூனிட்டை எடுத்துப் பெருக்கிக்கொண்டே போ. குரூப்பில் ஆட்கள் கொஞ்சம்தான். ஆகவே என்றைக்காவது வந்த எண்ணே திரும்ப வந்தாக வேண்டும். யூனிட் என்பதால் அந்த இரண்டு அடுக்கிலும் பொதுவாக உள்ளதை அடித்துவிடலாம். அடித்தால் ஏதோ ஓர் அடுக்கு 1 என்று வரும். முதல் தடவை 1 வரும் அடுக்குதான் அந்த எண்ணின் ஆர்டர். மூன்றுக்கு 3, 9, 7, 1 என்று நாலில் வந்துவிட்டது. இந்த நாலு பேரும் தங்களுக்குள்ளேயே ஒரு குரூப். இதுதான் முதல் தட்டு. தட்டில் இல்லாத ஒருவரை, பதினொன்றை, எடுத்து நாலு பேரையும் அவரால் பெருக்கு: 11, 13, 19, 17. இது இரண்டாம் தட்டு. இதிலும் நாலு பேர்தான், குறையாது. பதினொன்றும் யூனிட் என்பதால் இரண்டு பேர் ஒரே குழியில் விழ முடியாது. இரண்டு தட்டுக்கும் பொதுவாக ஒருவர் இருந்தால்? அந்த ஒருவரை வைத்து ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்குப் போய்விடலாம். அப்போது இரண்டும் ஒரே தட்டுத்தான். ஆகத் தட்டுகள் ஒன்றோடொன்று கலக்காது, எவரும் வெளியே நிற்கமாட்டார். எட்டு பேரும் நாலு நாலாகப் பிரிந்துவிட்டார்கள். எந்த யூனிட்டின் ஆர்டரும் ஃபையை மீதியில்லாமல் வகுத்தே தீரும். ஃபை தடவை பெருக்குவது என்றால், 1 வரும் அந்தச் சுற்றை முழுசு முழுசாகச் சில தடவை சுற்றுவது. ஒன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒன்றுதானே.

இட்லித் தட்டு என்று சொன்னபோது ஹால் சிரித்தது. சீனிவாசலு உதட்டைக்கூட அசைக்கவில்லை, ஆனால் கவனித்துக்கொண்டிருந்தார். முடித்ததும், ஈரோட்டுப் பக்கத்துக் கல்லூரிக்காரர் மயில்சாமி எழுந்தார். எதிலும் ஒரு கேள்வி கேட்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"பத்துல ரெண்டை எடுங்க. 2, 4, 8, 6, மறுபடி 2. அதும் நாலுலதான் சுத்தி வருது. அதையும் குரூப்புன்னு சொல்லலாமுங்களா?"

ராமாமணி யோசிக்கவே இல்லை. பத்தில் இரண்டு யூனிட் இல்லை, எதோடு பெருக்கினாலும் 1 வராது, ஜோடியில்லாத எண் எந்தக் குரூப்பிலும் இருக்க முடியாது, ஆகவே அது குரூப் இல்லை என்று அடித்துச் சொன்னார். ஹால் முழுக்கத் தலையாட்டியது. மயில்சாமி தலையாட்டி உட்கார்ந்தார். சீனிவாசலுவும் தலையாட்டி, "சரியான பதில்" என்றார். அதோடு நிற்காமல், நாளைக்கு நிறைவு விழாவுக்கு உங்கள் பிரின்ஸிபால் வரும்போது நானே சொல்கிறேன், அல்ஜீப்ராவுக்கு வேறு ஆள் தேட வேண்டாம் என்றும் சொன்னார். கைதட்டல் விழுந்தது. நசுருதீன் பெஞ்சையே தட்டினார்.

அண்ணன் வீட்டுக்குத் திரும்பும் சாயங்கால பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பீளமேடு தாண்டிக் காற்று முகத்தில் அடித்தபோது ராமாமணிக்குப் பத்து வருஷப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்பா இருந்திருந்தால் இன்றைக்குப் பருத்திக் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொண்டே, பழக்க தோஷம், மனசு அந்த நாலு எண்களைப் பெருக்கிக்கொண்டிருந்தது. ஆறிரண்டு பன்னிரண்டு, கடைசி இலக்கம் 2. ஆறு நாலு இருபத்து நாலு, கடைசி இலக்கம் 4. ஆறெட்டு நாற்பத்தெட்டு, 8. ஆறாறு முப்பத்தாறு, 6.

ஆறு யாரையும் மாற்றவில்லை.

ராமாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரையும் மாற்றாத ஆளுக்குத்தானே அந்தக் கூட்டத்தில் 'ஒன்று' என்று பேர்? ஈரெட்டு பதினாறு, ஆறு. நாலு நாலு பதினாறு, ஆறு. ஜோடி இருக்கிறது. பெருக்கினால் வெளியே போகவில்லை. அட ஈஸ்வரா, இது குரூப்தான். நமக்குப் பழக்கமான 1 அதில் இல்லை, அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு ஆறுதான் ஒன்று. இரண்டுக்கு ஜோடி இல்லை என்று அவர் தேடியது வேறு வீட்டு ஒன்றை வைத்துக்கொண்டு. சூலூர்ப் பிரிவில் யார் இறங்கினார்கள், யார் ஏறினார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

தப்பாகச் சொல்லியிருக்கிறார். ஹால் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறது. சீனிவாசலுவே ஒப்புக்கொண்டிருக்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜூனில் பட்ட வகுப்பு. வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அன்று வீட்டில் அண்ணி போட்ட சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, அந்த நாலு எண்களை மறுபடி காகிதத்தில் பெருக்கிப் பார்த்தார்.

மறுநாள் காலை விழாவுக்கு முன் நசுருதீனைப் பிடித்துச் சொன்னார். அவர் கடைசி இலக்கங்களைக் கையில் போட்டுப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார். பிறகு நிதானமாக, "அம்மணி, உங்களுக்கு நல்லதுன்னு சொல்றேனுங்க. இன்னிக்கு உட்டுருங்க. விழா முடிஞ்சப்புறம் சார்கிட்ட தனியாச் சொல்லிக்கலாம்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ராமாமணியும் அதைத்தான் விரும்பினார். ஆனால் ஹாலைப் பார்த்தார். இத்தனை பேரும் இன்று சாயங்காலம் ரயிலேறி, பஸ்ஸேறி, அவரவர் ஊருக்குப் போகப் போகிறார்கள். ஜூனில் ஒவ்வொருவர் வகுப்பிலும் யாராவது ஒரு பிள்ளை மயில்சாமி கேட்டதைக் கேட்கும். ஒவ்வொருவரும் கோயமுத்தூரில் ஓர் அம்மா சொன்ன பதிலை அடித்துச் சொல்வார்கள். அந்தப் பிள்ளைகள் வாத்தியார்களாகி மறுபடி சொல்வார்கள்.

"தனியாச் சொன்னா ஒருத்தருக்குத்தானுங்க தெரியும்" என்றார் ராமாமணி.

மேடையில் சீனிவாசலுவும் பக்கத்தில் ரங்கநாயகி அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்புரை முடிந்ததும் ராமாமணி எழுந்து ஐந்து நிமிஷம் கேட்டார். விழாவில் இதென்ன என்று முகங்கள் திரும்பின. பலகையில் வரவேற்புக்காகப் போட்டிருந்த கோலத்தின் கீழே இடம் பார்த்து எழுதினார்.

"நேத்து மயில்சாமி சார் கேட்டதுக்கு நான் சொன்னது தப்புங்க. 2, 4, 8, 6 குரூப்தான். அதுக்கு ஆறுதான் ஒண்ணு."

பெருக்கிக் காட்டினார். பிறகு, இதனால் நேற்றைய நிரூபணம் இடியவில்லை, இன்னும் கெட்டியாகத்தான் ஆகிறது என்றார். குரூப்பில் நாலு பேர் இருந்தால் அதில் யாரை நாலு தடவை பெருக்கினாலும் அந்தக் குரூப்பின் ஒன்று வரும். இரண்டை நாலு தடவை பெருக்கினால் பதினாறு, அதாவது ஆறு. அந்த வீட்டு ஒன்று சரியாக வந்துவிட்டது. நம் தேற்றத்தில் 1 என்ற எண்ணே வர வேண்டுமென்றால் 1 குடியிருக்கும் வீட்டில் பிறந்திருக்க வேண்டும். அந்த வீட்டுக்காரர்கள்தான் யூனிட்டுகள். யூனிட் என்ற நிபந்தனை எதற்கு என்று எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது என்று சொல்லி சாக்பீஸை வைத்தார்.

யாரும் கைதட்டவில்லை. தட்டினால், நேற்றுத் தலையாட்டியது தப்பென்று ஆகிவிடுமே. சீனிவாசலு பலகையை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கரெக்ட்" என்றார், ஒரே வார்த்தை. அப்புறம் அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார். பிரின்ஸிபாலிடம் சொல்கிறேன் என்றாரே, அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பெரிய மனுஷர்களுக்குச் சில சமயம் மனசு சின்னதாகிவிடும், என்ன செய்ய.

வெளியே வேப்பமரத்தடியில் ரங்கநாயகி அம்மாள் காருக்குக் காத்திருந்தார். "ஏம்மா, இத்தனை பேர் முன்னாடி தப்புன்னு சொல்லிட்டு நிக்கிறீங்க. பட்ட வகுப்புப் பிள்ளைக முன்னாடி இப்படி நின்னா காலேஜ் பேர் என்னாவும்?" என்று மட்டும் கேட்டார். ஜூன் பிறந்ததும் மெட்ராஸிலிருந்து அந்த ரிட்டயர் ஆனவர் வந்து சேர்ந்தார். ராமாமணிக்கு மறுபடி லாகரிதம் அட்டவணை.

அந்த வருஷம் அவர் அழுத அழுகை அண்ணன் வீட்டுச் சுவருக்குத் தெரியும். மூன்றாம் மாடியில் அல்ஜீப்ரா வகுப்பு நடக்கும்போது இரண்டாம் மாடியில் பி.யூ.சி. பிள்ளைகளுக்கு சைன் காஸ் எழுதிக்கொண்டிருப்பார். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் கை ஒரு நொடி நிற்கும். நசுருதீன் பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பியபோது, நான் சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்த நல்ல குணத்தை ராமாமணி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் கிடைத்தது. பெரிய நியாயம் எதுவும் நடந்துவிடவில்லை. ரிட்டயர் ஆனவருக்கு மூட்டுவலி, மூன்றாம் மாடி ஏற முடியவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் வகுப்பில் ராமாமணி பலகை மூலையில் நாலு எண்களை எழுதிக் கட்டம் போட்டார். பிள்ளைகள் ஏன் என்று கேட்டதற்கு, பின்னால் சொல்கிறேன் என்றார்.

அறுபத்தெட்டிலோ என்னவோ, பாடத்திட்டக் கூட்டம் ஒன்றுக்காக ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனார். பஸ் சீக்கிரமே கொண்டுவந்து விட்டுவிட்டது. கூட்ட அறையைத் தேடித் தாழ்வாரத்தில் நடந்தபோது, ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து பழக்கப்பட்ட குரல் கேட்டது. மயில்சாமி. தலையில் பாதி முடி போயிருந்தது, குரலில் கேள்வி அப்படியே இருந்தது. பத்தில் 2, 4, 8, 6 குரூப்பா என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு பையன் எழுந்து, இரண்டு யூனிட் இல்லை, அதற்கு ஜோடி கிடையாது, ஆகவே குரூப் இல்லை என்றான். அட்சரம் பிசகாமல் ராமாமணி சொன்ன அதே பதில். அவர் கூட்ட அறையை மறந்து ஜன்னலோரம் நின்றுவிட்டார்.

மயில்சாமி பெருக்கிக் காட்டினார். ஆறு யாரையும் மாற்றவில்லை என்பதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் வகுப்பே அதிரச் சிரித்தார்கள். பிறகு அவர் முகாம் கதையைச் சொன்னார். கேள்வி கேட்டது தான்தான், பதில் தனக்கும் தெரியாது, தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன் என்றார். ஓர் அம்மா மறுநாள் கிடைக்கவிருந்த பட்ட வகுப்பு போனாலும் போகட்டும் என்று மேடைமுன் நின்று தப்பென்று சொன்னதைச் சொன்னார். அன்று நாங்கள் யாரும் கைதட்டவில்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது என்றும் சொன்னார். சொல்லும்போது குரல் இறங்கியது.

முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அந்த அம்மாவுக்கு அந்த வகுப்பு கெடைச்சுதுங்களா சார்?" என்று கேட்டாள்.

"தெரியலையே கண்ணு. கேக்கறதுக்கு எனக்கு மொகமில்ல" என்றார் மயில்சாமி.

ராமாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தார். "கெடைச்சுதுங்க சார். ஒரு வருசம் லேட்டு" என்றார்.

வகுப்பு திரும்பிப் பார்த்தது. மயில்சாமி கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு, மெதுவாகக் கைதட்டத் தொடங்கினார்.